எடை ஒரே இடத்தில் நிற்கிறது: சாப்பாட்டைக் குறைக்கவா, நடையைக் கூட்டவா, பொறுத்திருக்கவா?

உச்சிப்புளி அக்கா

வயசு 41, உயரம் 157 செ.மீ. போன வருஷம் 84 கிலோ இருந்தேன். சாப்பிடுறதை எல்லாம் போன்ல எழுதி, ஒரு நாளைக்கு 1500 கலோரின்னு வச்சுக்கிட்டு 75 வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணரை மாசமா முள் அங்கேயே நிக்குது. ஒரு நாள் 74.6, மறுநாள் 75.5, திரும்ப 75. தையல் மெஷின்ல உக்காந்து பாக்குற வேலை, நடை ஒரு நாளைக்கு 4500 அடி தேறும். தங்கச்சி 1200-க்கு இறக்குங்கிறா. வீட்டுக்காரர் 8000 அடி நடங்கிறார். அம்மா, விடு, தானா இறங்கும்கிறாங்க. இப்படி நின்னு போய் மறுபடி இறங்குனவங்க யாராவது இருந்தா, என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க.

தொண்டி

எனக்கும் இதே கதைதான் அக்கா. 92-ல ஆரம்பிச்சு 83-ல நின்னுச்சு. ராத்திரி சோறை நிறுத்தி ரெண்டு கோதுமை தோசையோட முடிச்சேன், பத்து நாள்ல ரெண்டு கிலோ போச்சு. அதனால குறைக்கணும்னுதான் நான் சொல்வேன். ஆனா ரொம்பக் குறைச்சா உடம்பு பட்டினின்னு நினைச்சு கொழுப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், எடை இறங்கவே இறங்காது. அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை மட்டும் பிரியாணி, பரோட்டான்னு வயிறார சாப்பிட்டுடுவேன்.

பாம்பன் கரை

நான் விசைப்படகுல போறவன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது. கடல்ல இருந்தா வலை இழுக்கிறது, ஐஸ் உடைக்கிறது, மீன் பிரிக்கிறதுன்னு நிக்கவே நேரம் இருக்காது. கரையில இருந்தா வலை பின்னுற வேலைதான், அது உக்காந்த வேலை. சாப்பாடு மட்டும் அதே சாப்பாடு. எடை இறங்கிக்கிட்டு இருந்தது தடைக்காலத்துல அப்படியே நின்னுடுச்சு. நான் சாப்பாட்டுல கை வைக்கல. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள கரையோரமா ஒரு மணி நேரம் நடந்தேன், மறுபடி இறங்குச்சு. ஒண்ணு மட்டும் கவனிச்சேன். காலையில நடந்த தெம்புல மத்தியானம் படுத்துத் தூங்கிடுவேன். அப்படித் தூங்குற வாரத்துல ஒரு பலனும் இல்ல.

கீழக்கரை லாத்தா

நோன்பு மாசம் முழுக்கப் பட்டினி கிடந்தும் எனக்கு அரைக் கிலோ குறையல. இஃப்தாருக்கு நோன்புக் கஞ்சி, வாடா, சம்சா, அப்புறம் சஹர் சாப்பாடு, எல்லாம் சேர்ந்தா அப்படித்தானே ஆகும். அது கிடக்கட்டும். எனக்கு சுகர் இருக்கு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். போன தடவை எடை நின்னப்ப யாரோ சொன்னாங்கன்னு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன். நடு ராத்திரி உடம்பு நடுங்கி, வேர்த்து ஊத்தி முழிச்சேன். மெஷின்ல பாத்தா 58. கருப்பட்டித் தண்ணி குடிச்சு கால் மணி நேரத்துலதான் நிதானம் வந்துச்சு. மறுநாள் டாக்டர் மாத்திரை அளவைக் குறைச்சாங்க. சுகருக்கு மாத்திரை போடுறவங்க சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

மண்டபம் டயட்டீஷியன்

லாத்தா சொன்னதை எல்லாரும் மனசுல வைங்க. இன்சுலின் போடுறவங்களுக்கும் அது பொருந்தும்.

உச்சிப்புளி அக்கா, மூணுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி எடை நிஜமாவே நின்னிருக்கான்னு பாக்கணும். ஒரு நாள் முள்ளை வச்சு எதுவும் சொல்ல முடியாது. நம்ம பக்கத்துல கருவாட்டுக் குழம்பு வச்ச மறுநாள் காலையில ஒரு கிலோ கூடுதலாக் காட்டுறது சாதாரணம். உப்பு பிடிச்சு வச்ச தண்ணி அது. மாதவிலக்குக்கு முந்தின வாரமும் அப்படித்தான். தினமும் காலையில, வெறும் வயித்துல, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து எடை பாருங்க. ஏழு நாளைக் கூட்டி ஏழால வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் போன மாசம் இதே வாரத்துச் சராசரியோட வச்சுப் பாருங்க. கூடவே தொப்புள் மட்டத்துல இடுப்பளவு. எடை அசையாம இடுப்பு ஒண்ணரை, ரெண்டு செ.மீ. குறைஞ்சிருந்தா அம்மா சொல்றதுதான் சரி, பொறுத்திருங்க. ரெண்டும் நாலு வாரமா அசையலைன்னாதான் எதையாவது மாத்தணும். உங்க கணக்கைப் போடுங்க, பார்க்கலாம்.

உச்சிப்புளி அக்கா

எழுதி வச்சிருந்தேன். கடைசி நாலு வாரச் சராசரி 75.1, 75.3, 74.9, 75.1. இடுப்பு 94 இருந்தது, இப்ப 93.5.

மண்டபம் டயட்டீஷியன்

அரை செ.மீ. டேப்பைப் பிடிக்கிற விதத்துலயே வந்துடும். அப்ப நிஜமாவே நின்னிருக்கு, இனியும் பொறுத்திருக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

இனி கணக்குக்கு வருவோம். உங்க உயரம், வயசு, இப்போதைய எடை, உக்காந்த வேலை எல்லாம் வச்சுப் பாத்தா உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சுமாரா 1750. 84 கிலோவுல இதைவிட நூறு, நூத்தைம்பது கூட இருந்திருக்கும். எடை குறையக் குறையச் செலவும் குறையும், அதுல பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க சாப்பிடுறது நிஜமாவே 1500-ன்னா தினம் 250 மிச்சம், மாசத்துக்கு 7500. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7700 கலோரி. அப்ப மாசம் ஒரு கிலோவுக்குப் பக்கத்துல இறங்கியிருக்கணும். துளிகூட இறங்கலைங்கிறதால, எழுதுற 1500-க்கும் வயித்துக்குள்ள போற அளவுக்கும் நடுவுல ஏதோ இடைவெளி இருக்குன்னு நினைக்கிறேன். அது தெரியாம 1200-க்கு இறக்கினா நோட்டுல 1200 இருக்கும், தட்டுல என்ன இருக்குன்னு தெரியாது.

ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க, எண்ணெயும் தேங்காயும். தினமும் கரண்டியால அளக்க வேண்டாம். எண்ணெய் பாக்கெட்டை உடைக்கிற அன்னைக்கு அதுமேலயே பேனாவால தேதி எழுதுங்க. தீர்ந்த அன்னைக்கு எத்தனை நாள் வந்துச்சுன்னு எண்ணுங்க.

தொண்டி

டயட்டீஷியன், பட்டினி விஷயத்தை நீங்க விட்டுட்டீங்க. கம்மியாச் சாப்பிட்டா உடம்பு பூட்டிக்கும்னு எல்லாருமே சொல்றாங்களே?

மண்டபம் டயட்டீஷியன்

பாதி சரி தம்பி. கம்மியாச் சாப்பிட்டா உடம்பு செலவைச் சுருக்கும், நமக்கே தெரியாம கை கால் அசைவு குறையும், படி ஏற யோசிப்போம். ஆனா இறக்கம் முழுசா நிக்கிறது இல்ல. அமெரிக்காவுல மினசோட்டாவுல 1944-45-ல 36 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் பாதி வயித்துக்குச் சாப்பாடு போட்டு ஒரு ஆய்வு நடந்தது. எடையில கிட்டத்தட்ட கால்வாசி போச்சு, யாருக்கும் பூட்டு விழல. ஆனா கால்ல தண்ணி கோத்துக்கிட்டதால நிஜமா இழந்த அளவை முள் முழுசாக் காட்டல. உங்களுக்குப் பத்து நாள்ல போன ரெண்டு கிலோவும் பெரும்பாலும் தண்ணிதான். சோறு குறைஞ்சா உடம்புல சேர்ந்திருக்கிற கிளைக்கோஜனும் அதோட இருக்கிற தண்ணியும் முதல்ல போயிடும். ஞாயித்துக்கிழமை பரோட்டா வாரம் முழுக்கச் சேர்த்த மிச்சத்தை ஒரே நாள்ல தின்னுடுதான்னும் கணக்குப் போட்டுப் பாருங்க.

தொண்டி

எனக்கு அப்படித் தோணல. பரோட்டா சாப்பிட்ட வாரங்கள்லதான் எனக்கு நல்லா இறங்கியிருக்கு.

உச்சிப்புளி அக்கா

பாக்கெட் கணக்கு வந்துடுச்சு. நாங்க நாலு பேர், ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 12 நாள்ல காலி. தேங்காய் தினம் அரை மூடி, குழம்புக்கு அரைக்கவும் சட்னிக்கும்.

மண்டபம் டயட்டீஷியன்

ஒரு லிட்டர் எண்ணெயில 8200 கலோரி. 12 நாளால, அப்புறம் நாலு பேரால வகுத்தா தலைக்குத் தினம் 170. நீங்க எவ்வளவு எழுதுறீங்க?

உச்சிப்புளி அக்கா

ரெண்டு டீஸ்பூன், 80-ன்னு வரும். தேங்காயைத் தனியா எழுதினதே இல்ல, மீன் குழம்பு ஒரு கரண்டின்னு போன்ல இருக்கிறதைத் தட்டிடுவேன்.

மண்டபம் டயட்டீஷியன்

அரை மூடியில 150 கிராம் பருப்பு இருந்தா 500-க்கு மேல, தலைக்கு 130. எண்ணெய்ல விட்டுப்போன 90-ஐயும், குழம்புக் கணக்குல வராத தேங்காயையும் சேர்த்தா கிட்டத்தட்ட 200. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தது 1700 பக்கம், செலவு 1750. முள் நிக்காம வேற என்ன செய்யும்.

அதனால 1200 வேண்டாம். உங்க உயரத்துக்கு அதுக்கும் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாம போகவே கூடாது. 1200-லயே உக்காந்தா மெஷின் முன்னாடி தலை சுத்தும், சதை கரையும், முடி கொட்டும். எண்ணெயையும் தேங்காயையும் அளந்து தலைக்கு 100 குறையுங்க, வாரம் மூணு நாள் குழம்பைத் தேங்காய் இல்லாமப் புளியும் மிளகும் வச்சு முடிச்சா அதுல ஒரு பங்கு வந்துடும், பாக்கியை எண்ணெயில பிடிங்க. சூடை, சாளை, நெத்திலியைக் குறைக்காதீங்க, அதுதான் பசியைத் தாங்கும். மீதியை நடையில எடுங்க. 3000 அடி கூட்டினா உங்க எடைக்கு 75-லிருந்து 100 கலோரி வரும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. பாம்பன் அண்ணன் சொன்ன மத்தியானத் தூக்கமும் முக்கியம். காலை நடையை மட்டும் எண்ணாம போன்ல ராத்திரி வரைக்கும் மொத்த அடியைப் பாருங்க. ஒரே நாள்ல 7500-க்குத் தாவாம வாரம் ஆயிரமா ஏத்துங்க, மணல்ல நடந்தா குதிகால் வலி வரும், ரோட்டோரமே போதும். இதுல மாசம் முக்காக் கிலோதான் வரும். அதனால நாலு வாரத்துக்கு முன்னாடி முள் ஒண்ணும் பேசாது.

பாம்பன் கரை

கடல்ல இருக்கிற மாசம் சாப்பாட்டை அளக்குறது ஆகாது தங்கச்சி, படகுல பொதுச் சட்டி, எண்ணெயைச் சமையல்காரர் ஊத்துவார். எனக்கு நடையும் கிடையாது. அப்ப என்ன வழி?

மண்டபம் டயட்டீஷியன்

அண்ணே, உங்களுக்கு அந்த மாசம் வேலையே செலவுதான். சோத்தை ஒரு அகப்பை குறைச்சு மீனைக் கூட எடுத்துக்கங்க. எடையைக் கரைக்கு வந்து ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாருங்க, அதுக்கு முன்னாடி உப்புத் தண்ணிதான் முள்ளுல தெரியும்.

உச்சிப்புளி அக்கா

வாரம் ஆயிரம்னு ஏத்தி 7500 அடி ஆயிடுச்சு, அதுலயும் ஒரு மாசம் ஓடிடுச்சு. இடையில ஒரு வாரம் சராசரி 75.5-க்குப் போச்சு, சொந்தக்காரங்க வீட்டு விசேஷமும் மாதவிலக்கும் ஒண்ணா வந்தது. இந்த வாரம் 74.2, இடுப்பு 92. வீட்டுல தேங்காய் இல்லாத குழம்பை யாரும் குறை சொல்லல, மாமியாருக்கு மட்டும் சட்னிக்குத் தனியா அரைக்கிறேன். இப்ப தங்கச்சி, இறங்க ஆரம்பிச்சாச்சுல்ல, இன்னும் நூறு குறைங்கிறா. குறைக்கலாமா?

மண்டபம் டயட்டீஷியன்

வேண்டாம். இறங்குறப்ப எதையும் தொடாதீங்க. மறுபடி நாலு வாரம் எடையும் இடுப்பும் சேர்ந்து நின்னா அப்ப நடையில இன்னொரு ஆயிரம். அதுக்கும் மசியலைன்னா தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பார்ப்போம்.

தொண்டி

என் எண்ணெய்ப் பாக்கெட்லயும் தேதி போட்டாச்சு. பரோட்டாவை மட்டும் விடுறதா இல்ல.