வேலைநிறுத்த நாளுக்கு நாங்கள் ஒட்டிய அறிவிப்பு

பல்லடம் பக்கத்து நூற்பாலை அலுவலர்: எங்கள் ஆலையில் சங்கம் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. நிர்வாகம் தந்த வரைவில், கலந்துகொள்வோர் மீது கடும் நடவடிக்கை என்றும், வேலைக்கு வருவோருக்குச் சிறப்புத் தொகை என்றும் இருந்தது. மிரட்டலும் ஆசைகாட்டலும் பிறகு தொழிலாளர் துறையில் புகாராக வந்து நிற்கும் என்று சொல்லி இரண்டையும் நீக்கச் செய்தேன். டைம் ஆபீஸ் வாசலில் ஒட்டியது இவ்வளவுதான்:

"புதன்கிழமை மூன்று ஷிப்டுகளும் வழக்கம்போல் இயங்கும். பணிக்கு வருவோர் வழக்கம்போல் வருகையைப் பதிவு செய்யவும். பணிக்கு வராதவர்களுக்கு அன்றைய சம்பளம் வழங்கப்படாது. ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட விடுப்பில் மாற்றமில்லை. உடல்நலக் குறைவால் வர இயலாதவர்கள் ஷிப்ட் தொடங்குமுன் தெரிவிக்கவும்."

போராட்டம் சரியா தவறா என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. கலந்துகொள்வீர்களா என்று யாரிடமும் கையெழுத்து வாங்கவுமில்லை. மாதம் 26 நாளுக்கு 15,600 ரூபாய் வாங்கியவருக்கு 600 ரூபாய் மட்டும் குறைந்தது.

ஈரோட்டுக் கணக்கர்: பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் பிடிக்கலாம் என்று சட்டமே சொல்கிறதே, நீங்கள் ஏன் பிடிக்கவில்லை?

கோவை, ஓய்வுபெற்ற சங்க நிர்வாகி: பாதி சரி. 1936 ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. ஆனால் உரிய முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் கூட்டாக வராதிருந்தால்தான், அதுவும் வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் கட்டாயம் என்று இருந்தால்தான் அது செல்லும். இவர்கள் 14 நாள் முன்பே கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அதே சட்டத்தில் இருந்தது: உள்ளே வந்து கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு, இயந்திரத்தை ஓட்ட மறுத்து உட்கார்ந்திருப்பவரும் வராதவராகவே கருதப்படுவார்.

அவிநாசிச் சகோதரி: நான் போராட்டத்தில் இல்லை. பேருந்து ஓடாததால் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய் மீதி ஆறு மணி நேரமும் பீஸ் செக்கிங் செய்தேன். முழு நாள் சம்பளத்தையும் பிடித்துவிட்டார்கள்.

சங்க நிர்வாகி: அது தவறு, அம்மா. வராத நேரத்தின் விகிதத்தை மீறிப் பிடிக்கக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு 600 என்றால் உங்களுக்கு 150 மட்டுமே குறைய வேண்டும். ஒரு வங்கியில் நான்கு மணி நேர வேலைநிறுத்தத்துக்கு முழு நாள் சம்பளம் பிடித்ததை 1990 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள், வங்கியும் முன்பே சுற்றறிக்கை விட்டிருந்தது. உங்கள் நிலை வேறு.

சோமனூர் விசைத்தறிக்காரர்: கூலி உயர்வு கேட்டு நாங்கள் தறியை நிறுத்திய நாட்களுக்கும் இப்படி ஓர் அறிவிப்புக் கேட்கலாமா?

நூற்பாலை அலுவலர்: நீங்கள் சொந்தத் தறியில் பாவு வாங்கி நெய்பவர், அண்ணா, மாதச் சம்பளம் இல்லாததால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. எனக்கே இன்னும் தீராத ஒன்று உண்டு. மாதம் முழுவதும் வந்தவருக்குத் தரும் வருகைத் தொகையைப் பற்றி எங்கள் அறிவிப்பில் எழுதத் தவறிவிட்டோம். அந்த ஒரு நாளுக்காக அதை முழுவதும் நிறுத்தினார்கள்; சங்கம் ஆட்சேபித்தது, பேச்சு இன்னும் நடக்கிறது.