ஒரே வேலைக்கு இரண்டு முறை விளம்பரம் எழுதினேன்

கீதா

எங்கள் கோடவுனில் வரும் சரக்கைச் சரிபார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்த அனுபவத்தை எழுதுகிறேன். முதல் முறை நான் எழுதிய விளம்பரத்தால் எங்களுக்கும் நஷ்டம், வேலைக்கு வந்தவருக்கும் நஷ்டம்.

அந்த விளம்பரத்தில் ஆறு தகுதிகள் கேட்டிருந்தேன். ஏதாவது ஒரு டிகிரி, 5 வருட அனுபவம், ஸ்டாக் சாஃப்ட்வேரில் தேர்ச்சி, எக்ஸெலில் நல்ல திறமை, சிறந்த பேச்சுத்திறன், தலைமைப் பண்பு. இவற்றில் ஒன்றைக்கூட நானாக யோசித்து எழுதவில்லை. பழைய விளம்பரத்தை எடுத்தேன், மேனேஜர் ஒரு வரி சேர்த்தார், அவருக்கு மேலே இருப்பவர் இன்னொரு வரி சேர்த்தார். எதையும் யாரும் நீக்கவில்லை. ஒரு வரியைச் சேர்ப்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை, நீக்கினால்தான் கேட்கிறார்கள்.

ஆறும் பொருந்திய ஒருவரையே எடுத்தோம். முதல் மாதமே, "என் கீழே எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தலைமைப் பண்பு வேண்டும் என்று நாங்கள்தானே எழுதினோம். ஆனால் வேலை என்னவோ லாரி வந்து நிற்கும் இடத்தில் நின்று, பெட்டிகளை எண்ணி, டெலிவரி நோட்டையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் ஒத்துப் பார்ப்பது. நான்காவது மாதம் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

அடுத்த விளம்பரம் எழுதும் முன், அதே வேலையை 13 வருடமாகச் செய்யும் அக்கா ஒருவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். பள்ளிப் படிப்போடு வந்தவர். என் ஆறு தகுதிகளையும் அவருக்கு வைத்துப் பார்த்தால் மூன்றில் அவர் தேறமாட்டார். ஆனால் கணக்கு இடித்தால் எல்லோரும் போய் நிற்பது அவரிடம்தான்.

முதல் நாள் காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். 30 பெட்டி வர வேண்டும், 30 பெட்டி வந்திருந்தது. நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கே" என்று பிரித்தார். பெட்டிக்கு 24 இருக்க வேண்டியது 20 தான் இருந்தது. உடனே போட்டோ எடுத்தார். டெலிவரி நோட்டில் குறைவை எழுதி, அதன் கீழே டிரைவரிடம் கையெழுத்து வாங்கினார். லாரி கிளம்பும் முன் இதைச் செய்துவிட வேண்டும். குறிப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், குறைந்தது வழியிலா, இங்கேயா என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. அப்புறம் சப்ளையருக்கு நான்கு வரியில் மெயில்.

இந்தத் திறமையைப் பற்றி என் விளம்பரத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அதன் பிறகு பழைய ஆறு வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டே கேள்வி கேட்டேன். இது இல்லாதவர் வந்தால் முதல் வாரத்தில் எந்த வேலை நிற்கும்? நிற்குமென்றால், இங்கே வந்து எத்தனை நாளில் கற்றுக்கொள்வார்? டிகிரிக்கு முதல் கேள்வியிலேயே பதில் இல்லை. ஸ்டாக் சாஃப்ட்வேரில் அவர்கள் தொடுவது மூன்று திரைதான், ஒரு வாரத்தில் பழகிவிடும். எக்ஸெல் என்றால் ஒரு பட்டியலை வடிகட்டவும் கூட்டவும் தெரிந்தால் போதும். பேச்சுத்திறன் என்று எதை நினைத்தோம் என்று மேனேஜரிடம் கேட்டேன். சப்ளையருக்குக் குழப்பமில்லாமல் மெயில் எழுதத் தெரிய வேண்டும் என்றார். சரி, அதையே எழுதினேன்.

புதிய விளம்பரத்தின் நடுப்பகுதி இதுதான்:

"ஒரு நாளைக்குச் சுமார் 40 டெலிவரி நோட்டுகளைப் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப் பார்ப்பீர்கள். குறைவோ சேதமோ இருந்தால் லாரி கிளம்பும் முன் பதிவு செய்து, சப்ளையருக்கு எழுதி, தீரும் வரை தொடர்வீர்கள். பாதி நேரம் நின்றபடிதான் வேலை. மாதக் கடைசியில் இரண்டு நாள் இருப்பு எடுப்பதால் இரவு தாமதமாகும். எண்ணிக்கையில் தவறு நடந்தால் பிரச்சினை வரும் வேலை எதையாவது ஒரு வருடமாவது செய்திருக்க வேண்டும், அது எந்தத் துறையாக இருந்தாலும் சரி. எங்கள் சாஃப்ட்வேரை நாங்கள் கற்றுத் தருவோம்."

இதன் கீழே சம்பளத்தையும் போட்டோம். வந்தவர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி ஒன்று வைத்தோம்: 10 டெலிவரி நோட்டு, 10 பர்ச்சேஸ் ஆர்டர், அவற்றில் மூன்று இடத்தில் தவறு. கண்டுபிடித்து, ஒன்றுக்கு மெயில் எழுத வேண்டும். கடையில் திருப்பிக் கொடுக்கப்பட்ட பொருட்களுக்குக் கணக்கு வைத்திருந்த ஒரு பெண் மூன்றையும் பிடித்தார். ஒன்றேகால் வருடமாக இங்கேதான் இருக்கிறார். ஒரு ஆளை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

முருகன்

அருமை மேடம். என் கருத்தில் தகுதி என்ற பகுதியே வேண்டாம், மொத்தமாக எடுத்துவிடலாம். பட்டியல் நீளமாக இருந்தால் பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை. நூற்றுக்கு நூறு பொருந்தினால்தான் அவர்கள் அனுப்புவார்கள், ஆண்கள் 60 சதவீதம் பொருந்தினாலே அனுப்பிவிடுவார்கள் என்று ஆய்விலேயே இருக்கிறது.

ரஹீமா

முருகன் சார், அந்த 60, 100 கணக்கை நானும் பல வருடம் பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். மூலத்தைத் தேடிப் போனபோதுதான், ஒரு நிறுவனத்தின் உள் அறிக்கை என்று வாய்வழியாகச் சுற்றிவந்த தகவல் அது என்று தெரிந்தது. 2014ல் டாரா மோர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், தகுதி முழுதாகப் பொருந்தாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார். பெண்கள், ஆண்கள் இரு தரப்பிலும் அதிகம் பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "கேட்ட தகுதி இல்லை, எடுக்கமாட்டார்கள், நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்." தன்னம்பிக்கைக் குறைவு என்று சொன்னவர்கள் குறைவு.

நாம் ஆசைப்பட்டியலாக எழுதுவதை அவர்கள் விதியாகப் படிக்கிறார்கள். இருபது வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுதியதை எழுதியபடி நம்பும் கவனமான ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எதையும் பொருட்படுத்தாமல் அனுப்புகிறவர்கள் எப்படியும் அனுப்புகிறார்கள். கீதாவின் வேலைக்கு வேண்டியதோ எழுதியதை வரிவரியாகப் படிக்கும் ஆள். பட்டியலை நீட்டினால் முதலில் போய்விடுபவர் அவர்தான்.

அதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. லாரி ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும், நர்ஸுக்குப் பதிவு வேண்டும். அப்படிப்பட்டவற்றை முதல் வரியிலேயே போடுங்கள். "இருந்தால் நல்லது" என்று தனிப் பட்டியல் போடுவதையும் நான் விட்டுவிட்டேன். அதையும் கட்டாயம் என்றே படிக்கிறார்கள்.

என் பெரிய தவறு வேறு. ஒரு முறை விளம்பரத்தில் டிகிரியை எடுத்தோம், ஆனால் விண்ணப்பப் படிவத்தில் "பட்டம் உண்டா?" என்ற கேள்வி அப்படியே இருந்தது. இல்லை என்று சொன்னவர்களை மென்பொருள் தானாகத் தள்ளிவிட்டது. மூன்று வாரம் கழித்து, வந்த ரெஸ்யூமேக்களில் டிகிரி இல்லாதவர் ஒருவர்கூட இல்லையே என்று உறுத்தியபோதுதான் கண்டுபிடித்தேன். விளம்பரத்தை மாற்றினால் படிவத்தையும் வடிகட்டும் விதிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

செந்தில்

நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு விளம்பரத்தில் எட்டுத் தகுதி கேட்கிறார்கள், எனக்கு நான்குதான் இருக்கிறது. ரெஸ்யூமேயில் மீதியையும் எப்படி எழுதுவது?

கீதா

செந்தில், இங்கே பேசுவது விளம்பரம் எழுதுபவர்கள் பக்கத்தைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன், இல்லாததை எழுதாதீர்கள். விளம்பரத்தில் அன்றாட வேலை என்று எதைச் சொல்கிறார்களோ அதற்கு அந்த நான்கும் போதுமா என்று பாருங்கள். போதும் என்றால் தைரியமாக அனுப்புங்கள், அதே வேலையைச் செய்த ஒரு சம்பவத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

டேவிட்

மென்பொருள் பக்கத்திலிருந்து ஒன்று. 2020ல் ஒரு விளம்பரத்தில் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருள் கருவியில் 4 வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்டிருந்ததாக, அதை உருவாக்கிய செபஸ்டியான் ராமிரெஸே பதிவிட்டார். அவர் அதை உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அதைப் படித்ததும் எங்கள் விளம்பரங்களை எடுத்துப் பார்த்தேன். எங்கள் குழுவில் இரண்டு வருடமாக மட்டும் பயன்படுத்தும் கருவி ஒன்றுக்கு மூன்று வருட அனுபவம் கேட்டிருந்தோம்.

இப்போது வருடத்துக்குப் பதிலாக, "பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரு சேவை நின்றுபோனபோது காரணத்தைத் தேடிச் சரிசெய்த அனுபவம்" என்று எழுதுகிறோம். நேர்காணலில் அதைப் பற்றியே கேட்கிறோம். அதைச் செய்தவர் எந்தப் பதிவை முதலில் பார்த்தார், எதைத் தவறாகச் சந்தேகித்தார் என்று சொல்கிறார். செய்யாதவர் பொதுவாகப் பேசுகிறார்.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. எங்கள் எச்ஆரில் சம்பள நிலையே வருடக் கணக்கில்தான் இருக்கிறது. "2 வருடம்" என்று எழுதினால் கீழ்நிலைச் சம்பளம்தான் தர முடியும். நல்ல சம்பளம் தருவதற்காகவே 5 வருடம் என்று எழுத வேண்டியிருக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது?

ரஹீமா

டேவிட், பல இடங்களில் தகுதி ஏறுவதற்கு இதுதான் நிஜக் காரணம். வெளியில் போகும் விளம்பரத்தையும் உள்ளே இருக்கும் பதவி விவரத்தையும் தனித்தனிக் காகிதமாக வைக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில், நாளை யாராவது கேட்டால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சம்பள நிலையை முடிவெடுக்கும் பொறுப்பை வைத்துப் பிரிக்காதவரை விளம்பரத்தில் மட்டும் இதைத் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முருகன்

லைசென்ஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீதா மேடம், தகுதியைக் குறைத்ததும் விண்ணப்பம் குவிந்திருக்குமே? யார் படிப்பது?

கீதா

குவியும் என்றுதான் நானும் பயந்தேன். 60 வந்த இடத்தில் 85 வந்தது. நின்றபடி வேலை, மாதக் கடைசி இரவுகள், சம்பளம் மூன்றையும் எழுதியிருந்ததால் ஒத்துவராதவர்கள் தாங்களே விலகிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் கடைசிச் சுற்றில் சம்பளத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள், இந்த முறை அப்படி யாரும் இல்லை. ஆனால் மேனேஜர் இன்னமும் ரெஸ்யூமே கையில் வந்ததும் முதலில் படிப்பைத்தான் பார்க்கிறார். பயிற்சித் தாளின் மதிப்பெண்ணை முன்னால் வைத்து, ரெஸ்யூமேயை அப்புறம் கொடுக்கிறேன். அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது.

போன வாரம் இன்னொரு ஆளுக்கு விளம்பரம் எழுதினேன். வரைவை அந்த அக்காவிடமே காட்டினேன். "நல்ல உடல் வலிமை வேண்டும்" என்ற வரியில் விரலை வைத்து, "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? எத்தனை கிலோன்னு போடுங்க" என்றார். தராசில் வைத்துப் பார்த்தோம். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "பெட்டிகள் 18 கிலோ வரை இருக்கும், தள்ளுவண்டி உண்டு."