பையன் அழுகையை விழுங்குறது பிறவிக்குணமா, பழக்கமா?

வைகைக்கரை: பையன்கள் வருத்தத்தை மறைச்சுட்டுக் கோபத்தை மட்டும் காட்டுறாங்களே, அது பிறவியிலேயே வர்றதா? இல்லை நாமதான் பழக்குறோமா?

செல்வமணி: பிறவிதான். எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் வேலை. "ஆம்பளைப்பிள்ளை அழக் கூடாது"ன்னு யாருமே சொல்லாத வீட்டுலயும் பையன் பொருளைத் தூக்கி எறியத்தான் செய்றான்.

நிலவன்: செல்வமணி, அந்தச் சுரப்பு பிறந்த முதல் சில மாதங்கள் கூடி, ஆறு மாத வாக்கில் இறங்கிவிடும். அதன் பிறகு விடலைப் பருவம் வரை பையனுக்கும் பெண்ணுக்கும் குறைவாகவே இருக்கும். நாலு வயதுப் பையனின் கோபத்துக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. கருவிலிருக்கும்போது மூளையில் அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1999-இல் வைன்பெர்க், ட்ரானிக் என்ற உளவியலாளர்களின் குழுவினர் ஆறு மாதக் குழந்தைகளைப் பார்த்தபோது, தாய் முகத்தில் அசைவே காட்டாமல் உட்கார்ந்ததும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே கூடுதலாகச் சிணுங்கி அழுதார்கள். அழத் தெரியாமல் எவனும் பிறப்பதில்லை.

"அழாதே" என்று சொல்லாத வீட்டிலும் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. 1976-இல் காண்ட்ரி தம்பதி 204 பேருக்கு ஒன்பது மாதக் குழந்தையின் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். மூடி திறந்ததும் பொம்மை துள்ளி எழும் பெட்டியைப் பார்த்துக் குழந்தை வீறிடுகிறது. அது பையன் என்று சொல்லிக் காட்டியபோது கூடுதலானவர்கள் அதைக் கோபம் என்றார்கள், பெண் என்று சொல்லிக் காட்டியபோது பயம் என்றார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். பயந்த பிள்ளையைத் தூக்குவோம், கோபப்பட்ட பிள்ளையை அதட்டுவோம். அங்கேயே பாதை பிரிந்துவிடுகிறது.

குமரி_அம்மா: கோபத்தைக் குறைக்கணும்னா கராத்தேல சேர்த்துவிடுங்க. எங்க வீட்டுப் பையனுக்கு மூணே மாசத்துல அடங்கிடுச்சு.

வைகைக்கரை: அக்கா, கோபத்தைக் குறைக்க வழி கேக்கல. வருத்தம் எங்க போகுதுன்னுதான் கேட்டேன்.

நிலவன்: பொம்மை பஸ்ஸின் சக்கரம் கழன்றுவிட்டது என்று வையுங்கள். நாலு வயதுப் பையன் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். முதலில் கீழுதடு பிதுங்கும், புருவத்தின் உள்முனை மேலே ஏறும், பார்வை தரையில் இறங்கும். அதுதான் வருத்தம், சில நொடிதான் நிற்கும். அப்போது அப்பா போனில் இருக்கிறார். அடுத்து பஸ் சுவரில் மோதுகிறது, அப்பா "டேய்!" என்று திரும்புகிறார். திட்டாக இருந்தாலும் அது கவனம். உதடு பிதுங்கியதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எறிந்ததுக்கு அப்பாவே கிடைத்தார்.

சாப்ளின் என்ற உளவியலாளர் குழுவினரின் 2005 ஆய்வில் தந்தையர் இப்படித்தான் நடந்தார்கள். மகளின் வருத்தம், பயத்துக்குத் திரும்பினார்கள், மகனின் கோபத்துக்குத் திரும்பினார்கள். நாலு வயதில் பெற்றோர் வருத்தத்தைக் கவனித்த அளவுக்கு, ஆறு வயதில் பிள்ளை அதை வெளியே காட்டியது.

ஆகவே அந்தச் சில நொடியில் பக்கத்தில் போய் உட்காருங்கள். "சக்கரம் போச்சே" என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "உனக்கு வருத்தமா? ஏன் வருத்தம்?" என்று துருவினால் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதுவும் அண்ணன் தம்பிகள் எதிரில் கேட்டால் கட்டாயம் எறிவான். உடனே வேறு பொம்மையை நீட்டுவதும் வாயை அடைப்பதுதான். எறிந்துவிட்டால் "எறியக் கூடாது" என்று ஒரே தடவை, குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்துக்கே வாருங்கள்.

செல்வமணி: அதே சாப்ளின் 2013-ல 166 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல ஆண்-பெண் வித்தியாசம் ரொம்பச் சின்னதுன்னுதானே வந்துச்சு? அதுக்கு இவ்வளவு பாடா?

நிலவன்: சராசரி சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், கைக்குழந்தையில் தெரியாத வித்தியாசம் வயதோடு வருகிறது. கோபத்தில் பள்ளி வயது வரை பையன்கள் முன்னால் நிற்க, பதின்ம வயதில் அது தலைகீழாகிறது. முழுக்கப் பிறவி என்றால் இப்படி ஏறி இறங்குவானேன்?

செல்வமணி: பதின்ம வயசுல தலைகீழாச்சுன்னா உங்க வளர்ப்புக் கணக்கும் இடிக்குதே. வளர்த்தது அதே அப்பாதானே?

நிலவன்: இடிக்கிறதுதான். அந்த வயதில் பையன் பெற்றோர் முன் கோபத்தையும் சேர்த்து மறைக்கிறான் என்பது என் ஊகம், நிரூபணம் கிடையாது.

தாமிரா: ஸ்கூல்ல அழுதா "பொண்ணு"ன்னு கூப்பிடுறாங்க. வீட்டுல அழப் பழக்கிட்டு அங்க அனுப்பினா அடி வாங்குறது அவன்தானே?

நிலவன்: பள்ளியில் மறைப்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன், அது அவன் தற்காப்பு. சாயங்காலம் பையை இறக்கிவைத்த பிறகு என்ன செய்கிறான் என்று பாருங்கள். தங்கச்சி பென்சிலை உடைத்தால் அன்று பள்ளியில் ஏதோ நடந்திருக்கலாம். பென்சிலைப் பற்றிக் கேட்காமல், "மத்தியானம் யாரோட சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

தாமிரா: கேட்டா "ஒண்ணுமில்ல"ம்பான்.

நிலவன்: அப்படித்தான் சொல்வான். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துக் கேட்காதீர்கள். அவன் வண்டியில் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேளுங்கள்.