பிரிட்டனில் ஒழுங்கு விசாரணைக்கு அழைத்து வந்த கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

ஹேரோவாசி:
முதியோர் இல்லத்தில் கேர் வேலை. வியாழன் மாலை கடிதம் வந்தது, திங்கள் காலை 10 மணிக்கு ஹியரிங். குற்றச்சாட்டு ஒரே வரி: "மருந்துப் பதிவேட்டில் முறைகேடு". எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், யாருடைய மருந்து, எதுவும் இல்லை. வேலை போகலாம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. துணைக்கு ஒருவர் வரலாம், ஆனால் மேலாளர் ஒப்புக்கொள்ளும் ஊழியராக இருக்க வேண்டுமாம்.

அன்றிரவே மின்னஞ்சல் போட்டேன். தேதி, பதிவேட்டு நகல், சாட்சி சொன்னவர்களின் வாக்குமூலம் எல்லாம் கேட்டேன். யூனியன் பிரதிநிதியால் திங்கள் வர முடியாது, வியாழன் வருவார் என்றும் எழுதினேன். தேதியை மாற்றினார்கள், நகலும் வந்தது. கொடுக்காத மாத்திரைக்கு எதிரே என் இனிஷியல். ஆனால் அந்த ஷிஃப்டில் என் பெயரே ரோட்டாவில் இல்லை, அதே இனிஷியல் உள்ள இன்னொருவர் இருந்தார். நகல் வராமல் போயிருந்தால் திங்கள் நான் என்ன பேசியிருப்பேன்?

லெஸ்டர் தம்பி:
அக்கா, துணைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். கணவரையோ வக்கீலையோ கூட்டிப் போயிருக்கலாமே!

குரொய்டன் அண்ணன்:
தம்பி, பாதி சரி. யூனியன் பிரதிநிதி அல்லது அதே முதலாளியிடம் வேலை செய்பவர், இந்த இரண்டு வட்டத்துக்குள் யாரை அழைப்பது என்பது ஊழியரின் விருப்பம். மேலாளர் ஒப்புதல் தேவையில்லை. கணவரும் வக்கீலும் இதில் வரமாட்டார்கள், கம்பெனி தானாக விட்டால்தான் உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இது. துணைவர் வர முடியாவிட்டால், குறித்த நாளுக்கு அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வேறு நேரம் சொல்லலாம். நியாயமான நேரமென்றால் அவர்கள் தள்ளிவைத்தாக வேண்டும். நானும் பலருக்குத் துணையாகப் போயிருக்கிறேன். உங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்வேன், இடையில் உங்களோடு தனியாகப் பேசுவேன், ஆனால் உங்களிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. அதை முதலிலேயே தெரிந்துகொண்டு போனால்தான் உள்ளே தடுமாற மாட்டீர்கள்.

கிடங்கு நைட் ஷிஃப்ட்:
என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள், யாரையும் விடவில்லை. அதுவும் சட்டமீறல்தானே?

குரொய்டன் அண்ணன்:
அது நடந்ததை விசாரிக்கும் கூட்டமா, தண்டனை முடிவாகும் ஹியரிங்கா? முதல் வகைக்குச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. உங்கள் கம்பெனிக் கொள்கையில் இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். கடிதத்தின் தலைப்பில் என்ன போட்டிருந்தது?

கிடங்கு நைட் ஷிஃப்ட்:
கடிதமே இல்லை அண்ணா, போனில் கூப்பிட்டார்கள். போனதும் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள்.

குரொய்டன் அண்ணன்:
எச்சரிக்கை கொடுத்திருந்தால் அது ஹியரிங்தான், பெயர் எதுவானாலும். மேல்முறையீட்டை எழுத்தில் போடுங்கள். வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண்ணுக்கும் பேசுங்கள், ஆலோசனை இலவசம்.

ஹேரோவாசி:
என் கூட்டம் முடிந்தது, முடிவு இன்னும் வரவில்லை. ஒன்று கேட்கிறேன்: ஏஜென்சி மூலம் வரும் தோழி ஒருத்திக்கும் இதே கடிதம். அவள் முதலாளி ஏஜென்சிதான், அப்படியானால் இல்லத்தில் வேலை செய்யும் நான் அவளுக்குத் துணையாகப் போகலாமா?