டியூஷன் புக்கிங் ஆப்: டெவலப்பருக்கு எழுதிக்கொடுத்ததில் விடுபட்ட வரிகள் (அனுபவப் பகிர்வு)

தனி டெவலப்பர்:
வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர் ஆப் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். லாகின், லோகோ, நினைவூட்டல் மெசேஜ் எல்லாம் விவரமாக இருந்தன. வகுப்பைப் பற்றி மட்டும் ஒரே வரி: "மாணவர் காலி நேரத்தைப் பார்த்து புக் செய்யலாம், தேவைப்பட்டால் மாற்றலாம்." அந்த 'மாற்றலாம்' தான் பாதி வேலை.

ரேட் சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு மாணவனை வைத்துக் கேட்டேன். செவ்வாய்தோறும் மாலை 5 மணிக்கு வருபவன், இந்த வாரம் மட்டும் வியாழன் 6 மணிக்கு வருகிறேன் என்கிறான். காலியான செவ்வாய் 5 மணியை வேறு மாணவர் எடுக்கலாமா? அதற்குள் இவன் மனம் மாறினால்? கடைசியாக எப்போது வரை மாற்ற விடுவீர்கள்? "இதெல்லாம் நான் போனிலேயே பேசிக்கொள்வேனே" என்றார். சரிதான், ஆனால் அவர் வகுப்பில் இருக்கும்போது அந்த முடிவை ஆப்தான் எடுக்க வேண்டும்.

பிறகு சேர்ந்து எழுதியது இது: வகுப்புக்கு 24 மணி நேரம் முன்பு வரை மாணவரே மாற்றலாம், அதற்குப் பிறகு டீச்சர் மட்டும். மாற்றும்போது 'இந்த ஒரு வகுப்பா, இனி எல்லாமேவா' என்று ஆப் கேட்கும். விட்டுப்போன நேரம் உடனே மற்றவர்களுக்குத் திறக்கும்.

உள்ளே, 'செவ்வாய் 5 மணி' என்பது ஒரு தொடராகவும், இந்த வார மாற்றம் அந்தத் தேதிக்கு மட்டுமான விதிவிலக்காகவும் சேமிக்கப்பட வேண்டும். தொடரையே திருத்திவிட்டால் போன மாத வகுப்புகளும் வியாழனுக்குத் தாவிவிடும், வருகைப் பதிவும் கட்டணக் கணக்கும் குழம்பும். டெமோவில் ஒரு வகுப்பை மாற்றிவிட்டு போன மாதக் காலண்டரைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

கணக்கு டீச்சர்:
எங்கள் ஆப்பில் சிக்கல் வேறு. ஒரே நேரத்தை இரண்டு அம்மாக்கள் புக் செய்துவிட்டார்கள், இருவருக்கும் 'உறுதி' என்று மெசேஜ் போய்விட்டது. டெவலப்பரைக் கேட்டால் "நீங்கள் எழுதிக்கொடுத்ததில் இது இல்லையே மேடம்" என்கிறார்.

புதிதாகக் கோடிங் கற்பவர்:
இது சுலபம். சேமிப்பதற்கு முன் அந்த நேரம் காலியா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் தொடங்கும் நேரத்துக்கு ஒரு unique போட்டுவிடலாம்.

பேக்எண்ட்காரர்:
இரண்டுமே போதாது தம்பி. இரண்டு போன்களும் ஒரே நொடியில் பார்த்தால் இரண்டுக்கும் காலி என்றுதான் வரும், பிறகு இரண்டுமே சேமிக்கும். தடை டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும். unique-ம் 5 மணிக்கு எதிர் 5 மணியைத்தான் பிடிக்கும். 5 முதல் 6, 5:30 முதல் 6:30 என்று வந்தால் விட்டுவிடும். PostgreSQL என்றால் இப்படி:

```sql
CREATE EXTENSION IF NOT EXISTS btree_gist;

ALTER TABLE bookings ADD EXCLUDE USING gist
  (tutor_id WITH =, during WITH &&)
  WHERE (status <> 'cancelled');
```

`during` என்பது வகுப்பின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் சேர்த்து வைக்கும் `tstzrange` வகை. கடைசி வரியை விட்டால் கேன்சல் ஆன நேரம் பூட்டியே கிடக்கும், யாரும் மறுபடி எடுக்க முடியாது.

மேடம், எழுதிக்கொடுப்பவர் இந்தக் கோடு எதையும் எழுத வேண்டாம். "ஒரே நேரத்தில் இருவர் அழுத்தினால் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும், மற்றவருக்கு அடுத்த காலி நேரங்கள் தெரியும்" என்றால் போதும். சோதிக்க, இரண்டு போன்களில் ஒரே நேரத்தைத் திறந்து வைத்துவிட்டு சேர்ந்து அழுத்திப் பாருங்கள். ஒரு முறை சரியாக வந்ததை வைத்து நம்பிவிடாதீர்கள்.

வீணை வகுப்பு:
நான் மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருகிறேன். ஆப் 6 மணிக்கு ஒரு வீட்டை முடித்து 6 மணிக்கே அடுத்த வீட்டைப் போட்டுவிட்டது. பறந்தா போக முடியும்? நினைவூட்டல் மெசேஜை முன்கூட்டியே அனுப்பினால் சரியாகுமா?

தனி டெவலப்பர்:
மெசேஜால் ஆகாது மேடம். வகுப்பு 6 மணிக்கு முடிந்தாலும், பயணத்தையும் சேர்த்து உங்கள் நேரத்தை 6:30 வரை பிடித்து வைக்கச் சொல்லுங்கள். மாணவருக்கு 6 என்றே தெரியட்டும்.

கணக்கு டீச்சர்:
என்னிடம் ஒரு பையனும் அவன் தங்கையும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். பேக்எண்ட்காரர் சொன்ன தடை அதையும் மறித்துவிடுமே?

பேக்எண்ட்காரர்:
மறிக்கும். குழு வகுப்பு உண்டென்றால் வகுப்பு தனி அட்டவணை, அதில் சேரும் மாணவர்கள் தனி அட்டவணை. தடை வகுப்பின் மீது, இருக்கை எண்ணிக்கையை வேறாகக் கட்டுப்படுத்த வேண்டும். இது முதல் நாளே தெரிந்தால் சின்ன வேலை, பிறகு சொன்னால் பாதியைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

தனி டெவலப்பர்:
என் டீச்சர் இன்னும் முடிவு சொல்லாத ஒன்று இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டியவர் விட்ட வகுப்பை அடுத்த மாதம் கேட்டால் தருவதா? பாதிப் பெற்றோருக்குத் தருகிறார், பாதிப் பேருக்கு இல்லை. இப்போதைக்கு, ஈடு வகுப்பை டீச்சரே கையால் சேர்க்கும் ஒரு பட்டனை மட்டும் வைத்திருக்கிறேன்.