ட்ரோன் சர்வேயில் உயரம் 47 மீட்டர் தவறாக வருகிறது, திங்கள் காலை ரிப்போர்ட் தர வேண்டும். யாராவது உதவுங்கள்

புதுக்குடி:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஒரு சின்ன சர்வே கம்பெனியில் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன், இந்த மாதத்தோடு அது முடிகிறது. நான் ட்ரோன் ஓட்டத் தெரிந்தவன், சர்வே படித்தவன் இல்லை. கட்டுமானத் தளம் ஒன்றைப் பறந்து படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண மாடல் செய்தேன். உயரம் ஏற்கெனவே அளந்து வைத்த புள்ளியாக சீனியர் கொடுத்த பெஞ்ச்மார்க் 52.31 மீட்டர். என் மாடலில் அதே இடம் 99.40 காட்டுகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "திங்கள் காலை பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. வேலை போய்விடுமா?

மழைமுகம்:
தம்பி, முதலில் லைசென்ஸ் இருக்கிறதா? ஊரில் வாங்கியது இங்கே செல்லாது. அமெரிக்கா என்றால் பார்ட் 107, ஆஸ்திரேலியா என்றால் ஆர்.இ.பி.எல்., ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று. நான் வந்த புதிதில் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படித்தேன். நாலு பேர் ஒரு அறை. குளிருக்குப் போட்டுக்கொள்ளச் சரியான பூட்ஸ்கூட இல்லை. லைசென்ஸ் கையில் இருந்தால் எந்தக் கம்பெனியும் உங்களை அசைக்க முடியாது.

புதுக்குடி:
லைசென்ஸ் இருக்கிறது அண்ணா. பிரச்சினை உயரத்தில்.

கோணமானி:
இது சின்ன விஷயம். ஜி.பி.எஸ். எலிப்சாய்டு உயரம் கொடுக்கும், உங்கள் சீனியர் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் கொடுத்திருப்பார். வித்தியாசம் 47.09. மாடல் முழுவதிலும் 47.09 கழித்துவிடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் ஜி.பி.எஸ்.ஸை செ.மீ. அளவுக்குத் திருத்தும் ஆர்.டி.கே. பேஸைத் தெரியாத புள்ளியில் வைத்திருப்பீர்கள், அதுவும் இப்படித்தான் காட்டும்.

வெள்ளைத்தாள்:
எனக்கு ஒன்று புரியவில்லை. பதினைந்து வருஷம் டோட்டல் ஸ்டேஷன் பிடித்தவன் நான். இங்கே வந்தால் "உள்ளூர் அனுபவம் இருக்கிறதா" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளூர் அனுபவம் கிடைக்க வேலை வேண்டும், வேலை கிடைக்க உள்ளூர் அனுபவம் வேண்டும். ட்ரோன் ஓட்டத் தெரிந்த பையனை உடனே எடுத்துக்கொள்கிறார்கள்.

மழைமுகம்:
அதையேதான் சொல்கிறேன். என் பட்டத்தை மதிப்பிட்டுத் தரவே மாதக்கணக்கில் இழுத்தார்கள். கட்டணம் வேறு.

வெள்ளைத்தாள்:
மதிப்பிட்ட பிறகும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்குத்து:
புலம்பலைத் தனித் திரியில் வையுங்கள், தம்பிக்குத் திங்கள் காலை கெடு. நான் சர்வே துறையில் இருக்கிறேன், இந்த 47ஐ வேறு வேறு எண்ணாகப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

தம்பி, எந்த நாடு என்று நீங்கள் சொல்லவே இல்லை. சொல்ல விருப்பம் இல்லையென்றால் பரவாயில்லை, எண்ணே ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. எலிப்சாய்டு என்பது கணக்குக்காக வழவழவென்று வரைந்த, சற்றே தட்டையான கோளம். கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு அதற்கு மேலும் கீழுமாக அலைகிறது. மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் 40, 50 மீட்டர் மேலே இருக்கும். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் கீழே. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகத்திலேயே ஆழமான பள்ளம், சுமார் 106 மீட்டர். நம் ஊர்க் கடற்கரையில் நின்று எலிப்சாய்டு உயரம் பார்த்தால் கழித்தல் 80, 90 என்று வரும். ஊரில் பழகியவர்கள் இங்கே வந்து கூட்டல் எண்ணைப் பார்த்துக் குழம்புவதும் உண்டு.

கோணமானி சொன்ன காரணம் சரி, மருந்துதான் தப்பு. ஒரே ஒரு புள்ளியை வைத்து 47.09 கழிக்கக் கூடாது. அந்த எண்ணுக்குள் ஜியாய்டு எவ்வளவு, மாடலின் சொந்தப் பிழை எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பேஸ் தப்பான இடத்தில் இருந்தால் பொதுவாக ஒன்றிரண்டு மீட்டர்தான் நகரும், அதுவும் கிழக்கு-வடக்கிலும் சேர்ந்தே நகரும். இந்த மூன்றையும் சொல்லுங்கள்: தளத்தில் வேறு எத்தனை புள்ளிக்குச் சீனியரின் உயரம் இருக்கிறது, அவை படத்தில் தெரிகிறதா, கிழக்கு-வடக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது?

புதுக்குடி:
நன்றி அக்கா. தளத்தில் மொத்தம் 9 ஆணி, சுற்றி மஞ்சள் பெயின்டில் குறுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். படத்தில் நன்றாகத் தெரிகிறது. கிழக்கு-வடக்கு எல்லாம் 2, 3 செ.மீ.க்குள் இருக்கிறது. 80 மீட்டர் உயரத்தில் கேமரா நேர் கீழே பார்த்தபடி ஒரே திசையில் வரிசையாகப் பறந்தேன், நெட்வொர்க் திருத்தம் வைத்து. உயர வித்தியாசம் பார்த்தேன்: நான்கு மூலைகளில் 47.08, 47.10, 47.09, 47.09. நடுவில் 47.26.

பெஞ்ச்மார்க் இருப்பது மூலையில். நடுப்புள்ளியை முன்பு நான் பார்க்கவே இல்லை.

கோணமானி:
நடுவில் 17 செ.மீ.யா? அப்படியென்றால் அந்த ஆணியை யாராவது மண் தள்ளும் இயந்திரத்தில் அழுத்தியிருப்பார்கள்.

செங்குத்து:
அழுத்தியிருந்தால் மாடலில் அந்த இடம் தாழ்ந்து வித்தியாசம் குறைந்திருக்கும், இங்கே கூடியிருக்கிறது. முதல் சந்தேகம் வேறு. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து கவிழ்த்த கிண்ணம்போல மாடல் வளைவது நேர் கீழே மட்டும் பார்த்து எடுத்த படங்களின் பழைய வியாதி. லென்ஸின் விளிம்பு வளைவை மென்பொருள் சரியாகக் கண்டுபிடிக்க முடியாமல், அந்தப் பிழையைத் தரையின் வடிவத்தில் தள்ளிவிடும். படங்கள் எல்லாம் ஒரே திசை, ஒரே உயரம் என்றால் அதற்குப் பிழையைக் கண்டுகொள்ள வழியே இல்லை.

ஆர்.டி.கே. இருந்தும் ஏன் வளைந்தது என்று கேட்பீர்கள். மென்பொருளில் கேமரா நிலையின் துல்லியம் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள். சிலவற்றில் இயல்பாக 10 மீட்டர் என்று கிடக்கும். நீங்கள் செ.மீ. கணக்கில் அளந்தாலும் அது 10 மீட்டர் சந்தேகத்தோடுதான் நடத்தும். சராசரி உயரம் ஏறக்குறையச் சரியாக வரும், வளைவைத் தடுக்காது.

இன்னொன்று, எல்லாப் படமும் ஃபிக்ஸ் நிலையில், அதாவது ஆர்.டி.கே. இடத்தை உறுதியாகப் பிடித்த நிலையில் எடுத்ததா என்று பாருங்கள். டி.ஜே.ஐ. ட்ரோன் என்றால் படங்கள் இருக்கும் இடத்தில் இதை ஓட்டினால் போதும்:

```
exiftool -RtkFlag *.JPG
```

50 என்று வந்தால் ஃபிக்ஸ். 34 என்றால் ஃப்ளோட், இடம் இன்னும் உறுதியாகவில்லை, அந்தப் படங்களுக்கு 3 செ.மீ. துல்லியம் கொடுக்க முடியாது.

மழைமுகம்:
ஆர்.டி.கே. ட்ரோனுக்குத் தரைப்புள்ளியே வேண்டாம் என்றுதானே விற்கிறார்கள்? நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன், ஒருவரும் புகார் சொன்னதில்லை.

வெள்ளைத்தாள்:
சோதித்துப் பார்க்காவிட்டால் புகார் எப்படி வரும்? எங்கள் காலத்தில் லெவல் எடுத்தால் ஆரம்பித்த பெஞ்ச்மார்க்குக்கே திரும்பி வந்து மூடுவோம். மூடாத லெவலை யாரும் நம்ப மாட்டார்கள்.

புதுக்குடி:
படங்கள் எல்லாமே 50. துல்லியக் கட்டத்தில் 10 தான் இருந்தது அக்கா. இப்போது என்ன செய்யட்டும்? மறுபடி பறக்கவா? நாளை காற்று அதிகம் என்கிறார்கள்.

செங்குத்து:
பறக்க வேண்டாம், முதலில் இருக்கும் படங்களையே மறுபடி ஓட்டுங்கள். வரிசை முக்கியம்.

கேமரா உயரங்களை அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ ஜியாய்டு மாடலை வைத்துச் சீனியர் கொடுத்தது போன்ற கடல் மட்ட உயரத்துக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ஆணிகளின் உயரத்தைச் சேர்த்தால் மென்பொருளிடம் 47 மீட்டர் இடைவெளியில் இரண்டு உண்மைகளைக் கொடுத்ததாகிவிடும், அது இரண்டுக்கும் நடுவே முறுக்கிக்கொள்ளும். பிறகு கேமரா துல்லியத்தை 3 செ.மீ. ஆக்குங்கள். நான்கு மூலையும் நடுவும் மாடலைப் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாட்டுப் புள்ளி. மீதி 4 ஆணியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அவை சோதிக்க மட்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தளத்தில் ஒரு மண்குவியலின் கன அளவு மட்டும் கேட்டிருந்தால், அடியும் மேலும் ஒரே மாடலில் இருப்பதால் 47 மீட்டர் தவறு ஒன்றும் செய்யாது. வரைபடத்தின் மட்டத்தோடு ஒப்பிட்டு வெட்டுவது எவ்வளவு, நிரப்புவது எவ்வளவு என்று கேட்டால்தான் ஆபத்து. 47 மீட்டர் யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அந்த வளைவுதான் தெரியாது. 2 ஹெக்டேரில் 5 செ.மீ. பிழை என்றால் 1000 கன மீட்டர் மண், 8 கன மீட்டர் லாரியில் 125 லோடு. அந்தக் காசை யார் தலையிலாவது கட்டுவார்கள்.

கோணமானி:
இருந்தாலும் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு தடவை பறப்பதுதான் பாதுகாப்பு என்பேன்.

செங்குத்து:
அடுத்த தளத்துக்குச் சரி, கேமராவை 25 டிகிரி சாய்த்துச் சில வரிசை குறுக்கே எடுத்தால் வளைவு ஏறக்குறைய வராது. இந்தத் தளத்துக்குச் சோதனைப் புள்ளிகள் சொல்லட்டும்.

புதுக்குடி:
முடித்துவிட்டேன். ஜியாய்டு மாடல் அந்த இடத்துக்கு 47.15 கொடுத்தது. பழைய மாடலுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் மூலைகள் 6 செ.மீ. தாழ்வு, நடு 11 செ.மீ. உயர்வு. நீங்கள் சொன்னதேதான். மறுபடி ஓட்டியபின் சோதனை ஆணிகளில் 1, 2, 2 செ.மீ. ஒன்று மட்டும் 7 செ.மீ. அது லாரிப் பாதை ஓரம். அதை எடுத்துவிடலாமா?

மழைமுகம்:
எடுத்துவிடு தம்பி, மூன்று போதும்.

செங்குத்து:
கூடவே கூடாது. நான்கையும் அப்படியே அட்டவணையில் போட்டு, லாரிப் பாதை ஆணி நகர்ந்திருக்கலாம், தரையில் மறுபடி அளக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைக் கோணமானி சொன்னதுபோல இயந்திரம் அழுத்தியதா இல்லையா என்பது டோட்டல் ஸ்டேஷன் வைத்தால் தெரியும். எந்த ஜியாய்டு மாடல் பயன்படுத்தினீர்கள் என்று அதன் பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வெள்ளைத்தாள்:
ஒன்று கேட்கவா? மாடலில் வேலி தெரிந்தால் எல்லைக் கோடும் வரைந்து கொடுக்கச் சொல்வார்கள். வரையாதீர்கள். அது உரிமம் பெற்ற சர்வேயர் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம், பெரும்பாலான நாடுகளில் ட்ரோன் லைசென்ஸுக்கு அதில் வேலை இல்லை.

புதுக்குடி:
வெள்ளிக்கிழமையே அப்படி ஒரு லேயர் கேட்டார்கள் ஐயா. "வேலியின் மேல்விளிம்பு" என்று பெயர் கொடுத்து அனுப்பலாமா?

வெள்ளைத்தாள்:
அது சரிதான். படத்தில் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. சீனியரிடம் வாயால் ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள்.