டீக்கடைக்குப் போகும் கட்: ஸ்மாஷா, ஜம்ப்பா, மேட்ச்சா?

குறும்படக் கார்த்தி:
குறும்படம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு காட்சியில் பையன் சாப்பாட்டு மேசையில் ஓங்கித் தட்டி, "செத்தாலும் மாமா டீக்கடையில வேலைக்கு நிக்க மாட்டேன்" என்று கத்துகிறான். அடுத்த ஷாட்டில் அதே கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறான். எதிர்பாராத நொடியில் சட்டென்று நேரெதிரான காட்சியில் போய் மோதுவதால் நான் இதை ஸ்மாஷ் கட் என்கிறேன். நண்பன் ஜம்ப் கட் என்கிறான். இன்னொருவன் மேட்ச் கட்டாம். யார் சொல்வது சரி?

வில்லிவாக்கம் வினோத்:
ஜம்ப் கட் என்ற நண்பன் சொல்வதுதான் சரி. வீட்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் ஒரு நாளோ ஒரு வாரமோ தாண்டிவிட்டது. காலம் குதித்தால் ஜம்ப் கட். 1968இல் வந்த குப்ரிக்கின் '2001' படத்தில் ஆதிமனிதன் வீசும் எலும்பு அடுத்த நொடியே விண்கலம் ஆகிவிடுமே, அதைவிடப் பெரிய ஜம்ப் எங்கே இருக்கிறது?

டைம்லைன் தாமரை:
காலத்தை வைத்துப் பெயர் கொடுத்தால், ராத்திரி முடிந்து விடியும் ஒவ்வொரு காட்சியையும் ஜம்ப் கட் என்றுதான் சொல்ல வேண்டும் வினோத். ஜம்ப் கட்டில் குதிப்பது ஆள். கேமரா கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ஆளும் அதே அளவில்தான் தெரிவார். நடுவில் கொஞ்சம் வெட்டி எறிந்ததால் தலை சட்டென்று இடம் மாறும், கண்ணுக்கு ஒரு வெட்டு தெரியும். யூடியூபில் ஒருவர் உட்கார்ந்து பேசும்போது இருமலையும் "அது வந்து..." என்று இழுப்பதையும் எடுத்துவிடுவார்களே, அதுதான் அசல் ஜம்ப் கட். சமையல் வீடியோவில் முழு வெங்காயம், பாதி வெங்காயம், பொடிப்பொடியாக நறுக்கியது என்று ஒரே கோணத்தில் தாவுவதும் இதுதான்.

அடுத்த ஷாட்டுக்குக் கேமராவை 30 டிகிரியாவது நகர்த்து என்று எடிட்டிங்கில் ஒரு பழைய விதி உண்டு. அதை மீறினால் வருவது இந்தக் குதிப்பு. கோதார் 1960இல் 'ப்ரெத்லெஸ்' படத்தில் வேண்டுமென்றே மீறினார். காரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பின்னாலிருந்து காட்டிக்கொண்டே இருப்பார். அவள் அதே அளவில்தான் தெரிவாள், கட்டுக்குக் கட்டு அவள் தலை இருக்கும் வாக்கும் பாரிஸ் தெருக்களும் சட்டென்று மாறும்.

எலும்பு விஷயம் வேறு. அங்கே காலத்தை எவ்வளவு தாண்டினாலும் கண் குதிப்பதில்லை. எலும்பு திரையில் எந்தப் பக்கம், எந்த வாக்கில் இருந்ததோ, ஏறக்குறைய அந்த இடத்திலேயே நீளமான விண்கலம் வந்து நிற்கிறது. உருவம் உருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அது மேட்ச் கட்.

சேலம் செல்வா:
கார்த்தி, நான் போனில்தான் எடிட் செய்கிறேன். டிரான்சிஷன் பட்டியல் முழுக்கத் தேடிவிட்டேன், ஸ்மாஷ் கட் என்று ஒன்றுமே இல்லை. கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு எஃபெக்ட் இருக்கிறது. அதுவா?

டைம்லைன் தாமரை:
அது இல்லை செல்வா. மூன்றுமே வெறும் கட்தான். ஒரு ஷாட் முடியும், அடுத்தது தொடங்கும், நடுவில் எதுவும் கிடையாது. கண்ணாடி உடையும் எஃபெக்டைப் போட்டால் ஸ்மாஷ் கட் போய்விடும், ஏனென்றால் ஏதோ மாறப்போகிறது என்று பார்ப்பவருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறீர்கள்.

பந்திக்கு முந்து:
கட் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் வீட்டுக் கதை. தங்கை கல்யாண வீடியோவில் மணமகள் அலங்காரத்தையும் மாப்பிள்ளை ஊர்வலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இந்தப் பக்கம் பூ வைக்கிறார்கள், அந்தப் பக்கம் நாதஸ்வரம் வருகிறது. ரொம்ப நன்றாக இருந்தது, அலங்கார அறையின் சுவர்க் கடிகாரம் தெரியும் வரை. அதில் மணி விடிகாலை ஐந்தேகால். ஊர்வலமோ நல்ல வெயிலில் வருகிறது! அத்தை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். இதுவும் ஜம்ப் கட்தானே?

டைம்லைன் தாமரை:
இல்லை, கிராஸ் கட். இரண்டு இடம், ஒரே நேரம், மாறி மாறி. நிஜத்தில் ஒரே நேரமா என்பது முக்கியமில்லை, பார்ப்பவர் அப்படி நம்பினால் போதும். உங்கள் வீட்டில் அந்த நம்பிக்கையைக் கடிகாரம் உடைத்துவிட்டது. அந்த நம்பிக்கையை வைத்தே ஏமாற்றவும் முடியும். 'சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தில் போலீஸ் ஒரு வீட்டைச் சூழ்கிறது, உள்ளே கொலைகாரன் வீட்டு மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் வாசலில் நாயகி மட்டும் தனியாக நிற்கிறாள். போலீஸ் போனது வேறு ஊரில் உள்ள வேறு வீடு.

வில்லிவாக்கம் வினோத்:
சரி, எலும்பை விட்டுவிடுகிறேன். ஆனால் டீக்கடையில் என்ன மேட்ச் ஆகிறது? இரண்டு ஷாட்டிலும் அதே பையன் இருக்கிறான், அவ்வளவுதானே. அதற்காக மேட்ச் கட் என்பது ரொம்பவே ஓவர்.

டைம்லைன் தாமரை:
இதில் உங்கள் பக்கம்தான் நான். ஒரே ஆள் இருப்பதால் மேட்ச் ஆகாது. கார்த்தி, வீட்டு ஷாட் எப்படி முடிகிறது, கடை ஷாட் எப்படித் தொடங்குகிறது, சத்தம் என்ன?

குறும்படக் கார்த்தி:
அவன் கத்தி முடித்ததும் அம்மா ஒரு நொடி அவனையே பார்க்கிறார். சோகமான பின்னணி இசை மெல்ல இறங்குகிறது. பிறகு கடையின் வெளித்தோற்றம், பெயர்ப்பலகை, அப்புறம் உள்ளே அவன்.

டைம்லைன் தாமரை:
அப்படியென்றால் தம்பி, இப்போது உங்கள் டைம்லைனில் இருப்பது இதில் எதுவுமே இல்லை, சாதாரண காட்சி மாற்றம். அம்மா பார்க்கும் அந்த ஒரு நொடியில் பார்ப்பவர் மூச்சு விட்டுவிடுகிறார். பெயர்ப்பலகை வந்ததும் மீதியை ஊகித்துவிடுகிறார். டம்ளர் வரும்போது சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டையும் தூக்குங்கள். "மாட்டேன்" என்பதன் கடைசி எழுத்து காதில் விழுந்ததும் வெட்டுங்கள், இரண்டு மூன்று ஃபிரேம் மிச்சம் இருந்தால் போதும். இசையை ஃபேட் செய்யாமல் அதே இடத்தில் அறுத்துவிடுங்கள். கடை ஷாட்டின் முதல் ஃபிரேமிலேயே குழாய்த் தண்ணீரும் டம்ளரும் சத்தம் போட வேண்டும். படம் மட்டும் மாறி, பழைய சத்தம் அரை நொடி வழிந்தாலும் அடி விழாது. சரியாக விழுந்ததா என்று பார்க்க, கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைக் கவனியுங்கள்.

வில்லிவாக்கம் வினோத்:
மேசையில் தட்டுகிறானே, அதை வசனத்தின் முடிவுக்கு நகர்த்தினால்? கை கீழே இறங்கும்போது வெட்டி, கடையில் அதே கை டம்ளரை 'டொக்' என்று வைக்கிற மாதிரி. அப்போது மேட்ச் கட்டும் ஆகிவிடும் இல்லையா?

டைம்லைன் தாமரை:
அருமையான யோசனை. இரண்டு ஷாட்டையும் மேலும் கீழுமாக அடுக்கி, மேலே இருப்பதன் ஒபாசிட்டியை ஐம்பதாக்கிப் பாருங்கள். கை இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே திசையில் இறங்கினால் மேட்ச். கொஞ்சம் தள்ளியிருந்தால் ஷாட்டை லேசாகப் பெரிதாக்கி நகர்த்தலாம். ரொம்பத் தள்ளியிருந்தால் டம்ளரை மறுபடி ஷூட் செய்வதுதான் வழி. ஆனால் அப்போதும் நான் இதை ஸ்மாஷ் கட் என்றுதான் சொல்வேன். சிரிப்பு வருவது அவன் சொன்னதற்கும் செய்வதற்கும் உள்ள மோதலால்.

வில்லிவாக்கம் வினோத்:
நான் மேட்ச் கட் என்பேன். கை பொருந்தாவிட்டால் அந்த இடம் பாதிகூட வேலை செய்யாது. ஒரே கட்டுக்கு இரண்டு பெயர் இருந்தால் என்ன தப்பு?

டைம்லைன் தாமரை:
தப்பில்லை. ஆனால் கை ரொம்ப அழகாகப் பொருந்தினால் ரசிகர் அந்த அழகைத்தான் பார்ப்பார், அடி மென்மையாகிவிடும். நான் கொஞ்சம் பிசிறோடு விடுவேன்.

வில்லிவாக்கம் வினோத்:
நான் விடமாட்டேன்.

பந்திக்கு முந்து:
எங்கள் வீடியோவில் அந்தக் கடிகாரத்தை மட்டும் மறைக்க வழி இருக்கிறதா?

குறும்படக் கார்த்தி:
ஷாட்டைப் பெரிதாக்கி, கடிகாரத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிப் பாருங்கள் அண்ணா, ஃபோர்கேயில் எடுத்து, அதைவிடக் குறைந்த அளவில் வெளியிட்டால் தரம் அவ்வளவாகக் குறையாது. தாமரை அக்கா, என் கடை ஷாட்டில் பையன் டம்ளரை இடது கையால் வைக்கிறான், மேசையில் தட்டுவது வலது கை. ஷாட்டைத் திருப்பிப் போட்டால் பெயர்ப்பலகை தலைகீழாகத் தெரியுமா?

வில்லிவாக்கம் வினோத்:
தலைகீழாக இல்லை, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எழுத்து திரும்பித் தெரியும். ஆனால் பெயர்ப்பலகையைத்தான் தூக்கச் சொல்லிவிட்டாரே. உள்ளே விலைப்பட்டியல் மாட்டியிருக்கிறதா, அதைப் பாருங்கள்.